நிகரச் சொத்து 32, யீல்டு 46: தனியார் கம்பெனிப் பங்குக்கு எந்த விலை?

"எங்கள் பிரைவேட் லிமிடெட் கம்பெனியில் 20% பங்கு வைத்திருப்பவர் விலகுகிறார், மீதி இருக்கும் நாங்கள் வாங்கிக்கொள்ளப் போகிறோம். நிகரச் சொத்து முறையில் ஒரு பங்கு 32 ரூபாய் வருகிறது, யீல்டு முறையில் கிட்டத்தட்ட 46 வருகிறது. ஏன் இவ்வளவு வித்தியாசம்? இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து 39 என்று முடித்துவிடலாமா? இருப்புநிலைக் குறிப்பும் மூன்று வருட லாபமும் அனுப்பியிருக்கிறேன்."

முடிக்காதீர்கள், இரண்டு எண்ணுமே தப்பாக வந்திருக்கின்றன. முறைகளில் கோளாறு எதுவும் இல்லை, உள்ளே போட்ட தொகைகளில்தான் கோளாறு. நீங்கள் அனுப்பியதையும், அப்புறம் நான் கேட்டுச் சொன்ன விவரங்களையும் வைத்து மறுபடி போட்டுப் பார்த்தேன். நிகரச் சொத்து முறையில் 39.60, லாபத்தை வைத்து மதிப்பிடும் யீல்டு முறையில் 25. எது உயரம் எது தாழ்வு என்பதே தலைகீழாகிவிட்டது, கவனித்தீர்களா? சராசரி எடுப்பதைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் இந்த இரண்டு எண்ணும் எப்படி மாறின என்பதைப் பார்த்துவிடுவோம், விலையை முடிவு செய்ய அதுதான் வேண்டும்.

முதலில் உங்கள் 32. 10 ரூபாய் முகமதிப்பில் 1 லட்சம் ஈக்விட்டி பங்குகள், அதாவது 10 லட்சம் மூலதனம். பொதுக் காப்பும் லாப நட்டக் கணக்கு இருப்பும் சேர்ந்து 22 லட்சம். இரண்டையும் கூட்டி 1 லட்சத்தால் வகுத்திருக்கிறீர்கள். இது கணக்குப் புத்தகம் சொல்லும் மதிப்பு, அவ்வளவுதான். நிகரச் சொத்து முறை கேட்கும் கேள்வி வேறு: இன்றைய தேதியில் கம்பெனியிடம் இருப்பதை எல்லாம் இன்றைய மதிப்புக்கு எடுத்து, யார் யாருக்குக் கொடுக்க வேண்டுமோ எல்லாருக்கும் கொடுத்த பிறகு ஈக்விட்டி பங்குதாரர் கையில் என்ன மிஞ்சும்? அதற்கு இருப்புநிலைக் குறிப்பின் ஒவ்வொரு வரியையும் தனித்தனியாக விசாரிக்க வேண்டும்.

உங்கள் சொத்துப் பக்கம் மொத்தம் 53 லட்சம். அதில் தொடக்கச் செலவு 50 ஆயிரம் என்று ஒரு வரி இருக்கிறது, அது என்றோ செலவழிந்து போன பணம், அதை எவருக்கும் விற்க முடியாது, எடுத்துவிடுங்கள். நற்பெயர் 2 லட்சம் என்று இருப்பதையும் இப்போதைக்கு எடுத்துவிடுங்கள், அதற்குத் தகுதி இருக்கிறதா என்று பிறகு பார்ப்போம். நிலமும் கட்டடமும் புத்தகத்தில் 16 லட்சம், இன்றைக்கு 32 லட்சம் போகும் என்கிறீர்கள், அதில் பின்பக்கம் காலியாகக் கிடக்கும் மனை மட்டும் 9 லட்சம். இந்த 9 லட்சத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இயந்திரங்கள் 13 லட்சம் என்று எழுதியிருக்கிறது, விற்கப் போனால் 11தான்.

சரக்கிருப்பிலும் கடனாளிகளிலும்தான் ஆள் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். நான் ஒரு கம்பெனிக்கு இப்படி மதிப்பீடு செய்யப் போனபோது கிடங்கின் கடைசி அலமாரியில் தூசி படிந்த பெட்டிகள் வரிசையாக இருந்தன, அட்டையில் எழுதியிருந்த தேதி நாலு வருடம் பழையது, அந்த மாடலை வாங்க ஆளே இல்லை, ஆனால் வாங்கிய விலைக்கே சரக்கிருப்பில் உட்கார்ந்திருந்தன. கடனாளிகள் பட்டியலைக் கேட்டு வாங்கினால் அதிலும் அதே கதை, மூன்று பெயர்கள் வருடாவருடம் அதே தொகையோடு வந்துகொண்டே இருந்தன. உங்கள் கணக்கில் ஓடாத சரக்கு 50 ஆயிரம், வராத கடன் 60 ஆயிரம் என்று நீங்களே ஒத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஆக சரக்கு 10 லட்சத்துக்குப் பதில் 9.5, கடனாளிகள் 9 லட்சத்துக்குப் பதில் 8.4. வங்கியில் இருப்பது 2.5, அது அப்படியே. எல்லாம் கூட்டினால் 63.4 லட்சம்.

இனி கழிக்க வேண்டியவை. வங்கிக் கடன் 9 லட்சம், கடனீந்தோர் 7 லட்சம், இவை இரண்டும் புத்தகத்திலேயே இருக்கின்றன. புத்தகத்தில் இல்லாத ஒன்று இருக்கிறது: ஊழியர்களுக்குச் சேர்ந்திருக்கும் பணிக்கொடை 2.4 லட்சம். இதற்கு எந்த வருடமும் ஒதுக்கீடு செய்யவில்லை, ஆள் விலகும்போது கொடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறீர்கள். சிறிய கம்பெனிகளில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் விடுபடல் இது. வெளியே போகிறவர் இந்தச் சுமையை உங்கள் தலையில் விட்டுவிட்டுப் போகக் கூடாது, அவர் பங்குதாரராக இருந்த வருடங்களில் சேர்ந்த கடன்தானே. இந்த மூன்றையும் கழித்தால் 45 லட்சம். அப்புறம் 8% முன்னுரிமைப் பங்கு 5 லட்சம், அதற்கு ஒரு வருட டிவிடெண்ட் பாக்கி 40 ஆயிரம், அதையும் கழித்தால் ஈக்விட்டிக்கு 39.6 லட்சம். ஒரு பங்குக்கு 39.60.

எல்லாப் பங்கும் முழுதாகப் பணம் செலுத்தப்பட்டவை என்பதால் நேராக வகுத்தோம். சில பங்குகளில் 10 ரூபாயும் சிலவற்றில் 6 ரூபாயும்தான் செலுத்தியிருந்தால் இப்படி வகுக்க முடியாது. வர வேண்டிய 4 ரூபாயை வந்ததாக வைத்து நிகரச் சொத்தில் கூட்டி, எல்லாப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்து, அரைகுறையாகச் செலுத்திய பங்குக்கு அந்த 4 ரூபாயை மட்டும் குறைத்துக்கொள்வார்கள்.

இப்போது யீல்டு. மூன்று வருட லாபம் வரிக்கு முன் 6, 9, 7 லட்சம். நீங்கள் சராசரி எடுத்து 7.33, வரி 25% போக 5.5, அதாவது ஒரு பங்குக்கு 5.50, அதை வாங்குகிறவர் எதிர்பார்க்கும் விகிதம் 12% என்று வைத்து வகுத்து 45.83 என்று கொண்டுவந்திருக்கிறீர்கள். அந்த 12-ஐப் பற்றிப் பிறகு பேசுவோம், அதற்கு முன்னாலேயே நாலு இடத்தில் சறுக்கியிருக்கிறது.

யீல்டு முறையில் கடந்த லாபம் ஒரு சாட்சி மட்டும்தான். வாங்குகிறவருக்கு இனிமேல் வருடாவருடம் என்ன வரும் என்பதை மதிப்பிடுவதுதான் வேலை. அப்படிப் பார்த்தால் நடு வருடத்தின் 9 லட்சத்தில் 2.4 லட்சம் பழைய இயந்திரத்தை விற்று வந்த லாபம், அது அடுத்த வருடம் வராது. எடுத்தால் 6.6. இப்போது வரிசை 6, 6.6, 7 என்று சீராக ஏறுகிறது. முன்பு 9-க்கு ஏறி 7-க்கு விழுந்த மாதிரித் தெரிந்தது வெறும் தோற்றம். சீராக ஏறும்போது கடைசி வருடத்துக்குக் கூடுதல் எடை கொடுப்பது நியாயம், 1, 2, 3 என்று பெருக்கி 6-ஆல் வகுத்தால் 6.7 லட்சம். ஏறி இறங்கும் லாபமாக இருந்திருந்தால் சாதாரண சராசரியோடு நின்றிருப்பேன்.

அடுத்தது, நிர்வாக இயக்குநராக இருக்கும் உங்கள் அண்ணன் எடுக்கும் சம்பளம். அவர் செய்யும் வேலைக்கு வெளியிலிருந்து ஒருவரை வைத்தால் வருடத்துக்கு 1.2 லட்சம் கூடக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று சொன்னீர்கள். அந்த 1.2 லட்சம் கம்பெனியின் லாபம் ஆகாது, அவர் விட்டுக்கொடுத்த கூலி. அதைப் பங்கின் விலையில் ஏற்றினால், விலகுகிறவர் உங்கள் அண்ணனின் உழைப்புக்கும் சேர்த்து விலை வாங்கிக்கொண்டு போவார். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும், லாபமே தெரியாதபடி குடும்பத்தில் எல்லாரும் சம்பளம் எடுத்திருப்பார்கள், அங்கே கூட்ட வேண்டும். உங்களுக்குக் கழிக்க வேண்டும்: 5.5. பணிக்கொடைக்கு இனி வருடத்துக்கு ஒதுக்க வேண்டிய 30 ஆயிரத்தையும் கழித்தால் 5.2. நிகரச் சொத்தில் கடனாகக் கழித்த பணிக்கொடையை இங்கே எப்படி மறுபடியும் கழிப்பது என்று கேட்பீர்கள். அது இதுவரை சேர்ந்தது, இது இனி ஒவ்வொரு வருடமும் சேரப்போவது, ஒரே தொகை இரண்டு தடவை போகவில்லை.

25% வரி போக 3.9. அதிலிருந்து முன்னுரிமைப் பங்கின் டிவிடெண்ட் 40 ஆயிரம் போக வேண்டும், இதை நீங்கள் மறந்தேவிட்டீர்கள். மீதி 3.5 லட்சம், ஒரு பங்குக்கு 3.50. செலுத்திய 10 ரூபாய்க்கு இது 35%.

விகிதம் 12 என்று எங்கிருந்து எடுத்தீர்கள்? அதே தொழிலில் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பெனிகள் சந்தை விலைக்கு ஈட்டும் விகிதம் என்றீர்கள். அந்தப் பங்கை நாளைக்கே விற்றுப் பணமாக்கலாம். உங்கள் பங்கை விற்க கம்பெனியின் உள்விதிகளான ஆர்ட்டிக்கிள்ஸில் தடை, வாங்கவும் உள்ளுக்குள்ளேயே நாலு பேர்தான். அந்தச் சிரமத்துக்கு 2% கூட்டி 14 என்று வைத்தேன். பாடப் புத்தகத்தில் வரும் சூத்திரம் இதுதான்:

```
பங்கின் மதிப்பு = (ஈட்டிய விகிதம் / எதிர்பார்க்கும் விகிதம்) x செலுத்திய மதிப்பு
               = (35 / 14) x 10 = 25
```

3.50-ஐ நேராக 14%-ஆல் வகுத்தாலும் 25தான் வரும். சூத்திரத்தில் முகமதிப்பு வருவதைப் பார்த்து அதற்கு ஏதோ தனி முக்கியத்துவம் இருக்கிறது என்று குழம்ப வேண்டாம், மேலேயும் கீழேயும் அடிபட்டுப் போய்விடுகிறது.

ஒரு எச்சரிக்கை. அந்த 14-ஐ 12 ஆக்கினால் விலை 29.17, 16 ஆக்கினால் 21.88. லாபத்தை வாரக்கணக்கில் சீர்செய்துவிட்டு விகிதத்தை ஒரு நிமிடத்தில் முடிவு செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். இரண்டு தரப்பும் உட்கார்ந்து சண்டை போட வேண்டிய எண் இதுதான்.

சரி, இப்போது உண்மையான கேள்வி. ஒரே கம்பெனி, ஒரே தேதி, ஒன்று 39.60 என்கிறது, இன்னொன்று 25 என்கிறது. 14.60 எங்கே போனது?

9 ரூபாய் அந்தக் காலி மனையில் இருக்கிறது. 9 லட்சம் மதிப்பு, 1 லட்சம் பங்கு. மனை ஒரு பைசா லாபம் தருவதில்லை, அதனால் லாபத்தை மட்டுமே பார்க்கும் யீல்டு முறையின் கண்ணில் அது படவே இல்லை. மீதி 5.60 எங்கே? மனையை விட்டுவிட்டால் தொழிலில் உழைக்கும் ஈக்விட்டியின் சொத்து 30.6 லட்சம். 14% எதிர்பார்த்தால் அது வருடத்துக்கு 4.28 லட்சம் ஈட்டியிருக்க வேண்டும், ஈட்டுவது 3.5தான், அதாவது 11.4%. குறையும் 78 ஆயிரத்துச் சொச்சத்தை 14%-ஆல் வகுத்துப் பாருங்கள், 5.6 லட்சம். ஒரு பங்குக்கு 5.60. கணக்கு பைசா பிசகாமல் மூடுகிறது. இப்படி மூடவில்லை என்றால் எங்கோ ஒரு சொத்தை ஒரு முறையில் சேர்த்து இன்னொரு முறையில் விட்டிருக்கிறோம் என்று அர்த்தம். நான் எந்த மதிப்பீட்டையும் இந்தச் சோதனை போடாமல் வெளியே விடுவதில்லை.

நற்பெயருக்கும் இங்கேயே பதில் கிடைத்துவிட்டது. இயல்பான விகிதத்துக்கு மேல் வரும் உயர் லாபம் இருந்தால்தான் நற்பெயருக்கு மதிப்பு. உங்களுக்கு இயல்பான லாபமே வரவில்லை. அதனால் புத்தகத்தில் இருக்கும் 2 லட்சத்தைத் திரும்பச் சேர்க்க வழியில்லை. உயர் லாபம் இருந்திருந்தால் நிகரச் சொத்தில் நற்பெயரைப் புதிதாக மதிப்பிட்டுக் கூட்டியிருப்போம், புத்தகத்தில் எதுவுமே இல்லாவிட்டாலும்.

இனி விலை. கூட்டி இரண்டால் வகுப்பதை நியாய மதிப்பு முறை என்று ஒரு தனி முறையாகவே சொல்லித் தருகிறார்கள், சரியான எண்களுக்கு அது 32.30. தேர்வில் கேட்டால் எழுதுங்கள். நிஜத்தில், ஏன் பாதி, ஏன் மூன்றில் ஒரு பங்கு இல்லை என்று எதிர்த் தரப்பு கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது. எனக்கு அதைவிட இந்த வழி பிடிக்கும்: தொழிலை லாபத்தை வைத்து மதிப்பிடுங்கள், ஏனென்றால் நீங்கள் அதை மூடப்போவதில்லை, இயந்திரத்தை 11 லட்சத்துக்கு விற்கப்போவதில்லை. தொழிலுக்குத் தேவைப்படாத காலி மனையை மட்டும் விற்றால் கைக்கு என்ன வருமோ அதைத் தனியாகக் கூட்டுங்கள். விற்பனை வரியும் செலவும் 1.5 லட்சம் ஆகும் என்று வைத்தால் 7.5 லட்சம், பங்குக்கு 7.50. ஆக 25-ம் 7.50-ம் சேர்ந்து 32.50. 20,000 பங்குக்கு 6.5 லட்சம்.

இது உங்கள் பழைய 32-க்குப் பக்கத்தில் வந்து நிற்பது தற்செயல். அங்கே மிகையாக இருந்த நற்பெயரையும், விடுபட்ட பணிக்கொடையையும், பழைய விலையில் கிடந்த நிலத்தையும், மற்ற வரிகளையும் சரிசெய்தால் அந்த 32 என்பது 39.60 ஆகிவிடுகிறது, இந்த 32.50 வேறு வழியில் வந்தது, அடுத்த வருடம் இப்படிப் பக்கத்தில் வராது.

கம்பெனியை மூடிச் சொத்துகளை விற்பது என்று முடிவாகியிருந்தால் நான் யீல்டைத் தொட்டிருக்கவே மாட்டேன், நிகரச் சொத்துதான் விலை, அதிலும் மூடும் செலவையும் வரியையும் கழித்து. நஷ்டத்தில் ஓடும் கம்பெனிக்கும், நிலமோ முதலீடோ மட்டும் வைத்துக்கொண்டு தொழில் எதுவும் செய்யாத கம்பெனிக்கும் அப்படியே.

இன்னொரு எண்ணையும் உங்களிடம் யாராவது காட்டுவார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். போன வருடம் நீங்கள் கொடுத்த டிவிடெண்ட் 15%, பங்குக்கு 1.50. சிறு பங்குதாரர் லாபத்தின் மேல் உரிமை கொண்டாட முடியாது, கம்பெனி அறிவிக்கும் டிவிடெண்ட்தான் கைக்கு வரும், ஆகவே அவருடைய பங்கை டிவிடெண்டை வைத்து மதிப்பிட வேண்டும் என்பது வாதம். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் 1.50-ஐ 14%-ஆல் வகுத்து 10.71 என்று சொன்னால் அது தப்பு, 14 என்பது ஈட்டும் லாபத்தின் விகிதம், இங்கே ஒப்பிட வேண்டியது டிவிடெண்டின் விகிதம். பட்டியலிட்ட கம்பெனிகள் சந்தை விலையில் 6% டிவிடெண்ட் தருகின்றன என்றால் 2 கூட்டி 8%-ஆல் வகுக்க வேண்டும், 18.75 வரும்.

அந்த 18.75-ஐ நீங்கள் விலகுகிறவருக்குக் கொடுக்க முன்வருவது சரியில்லை என்பது என் கருத்து. வெளியாள் ஒருவர் அந்த 20%-ஐ வாங்கினால் அவருக்கு டிவிடெண்ட் மட்டும்தான், அவர் 18.75 கேட்கலாம். வாங்குவது நீங்கள். மீதி 80% ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது, டிவிடெண்டைக் குறைத்து லாபத்தை உள்ளேயே வைத்துக்கொண்டதும் நீங்கள் எடுத்த முடிவுதான். அந்தப் பங்குகள் உங்கள் கைக்கு வந்த நிமிடமே அவற்றின் முழு லாபமும் மனையும் உங்களுடையது. ஆர்ட்டிக்கிள்ஸில் "நியாயமான மதிப்பு" என்று மட்டும் இருக்கிறதா, சிறு பங்கு என்பதற்காக விலையைக் குறைக்கக் கூடாது என்ற பொருளில் "சிறுபான்மைக் கழிவு இன்றி" என்று ஏதாவது சேர்த்திருக்கிறதா, அல்லது மதிப்பிட வேண்டிய முறையே எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதியிருந்தால் நான் மேலே சொன்னதெல்லாம் பின்னால் போய்விடும், அந்த முறைப்படிதான் நடக்க வேண்டும்.

கையெழுத்துக்கு முன்னால் அந்தக் காலி மனையின் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். குடும்பக் கம்பெனிகளில் மனை ஒரு இயக்குநரின் பெயரில் இருக்கும், வேலி மட்டும் கம்பெனி போட்டிருக்கும். கம்பெனியின் பெயரில் இல்லை என்றால் 39.60 என்பது 30.60 ஆகும், நான் சொன்ன 32.50-ம் 25-க்கே இறங்கிவிடும்.